மெஷினைக் கழற்றி வைத்த பிள்ளை

பி.எட். இரண்டாம் ஆண்டில் உள்ளடங்கிய கல்விக்கு எழுதிய ஒப்படைப்பு அது. தலைப்பு, பங்கேற்புக்கான தடைகளும் பள்ளி அளவில் செய்யக்கூடிய தீர்வுகளும். பயிற்சிக்குப் போன வகுப்பிலேயே செவித்திறன் குறைந்த ஒரு பிள்ளை இருந்தாள், நாலாம் வகுப்பு. காது மெஷினைப் பையிலேயே வைத்திருப்பாள். நான் எழுதிய முதல் தடை, ‘பெற்றோரின் விழிப்புணர்வின்மை’.

செவ்வாய்க்கிழமை அவளுடைய அம்மாவைக் கேட்டேன். “வீட்டுல போட்டுக்கிட்டுத்தான் டீச்சர் இருக்கா. இங்க வந்துதான் கழட்டுறா. கீன்னு கத்துதாம், பிள்ளைக சிரிக்குதுகளாம்.”

கீ என்று கத்துவது பழுது இல்லை. காதுக்குள் வைக்கும் அச்சு பழையது. பிள்ளை வளர வளரக் காதும் பெரிதாகும், அச்சு தளரும். இடுக்கு வழியாக வெளியே வரும் ஒலி திரும்ப மைக்குக்குள் போய்க் கத்துகிறது. புது அச்சு எடுத்தால் நின்றுவிடும். அதை வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் அக்காதான் சொன்னார். இன்னொன்றும் காட்டினார். காலையில் பிள்ளையின் பின்னால் நின்று ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். வாயசைவு தெரியக்கூடாது. நேற்று சொன்ன ஸ் இன்று வரவில்லை என்றால் பேட்டரியையோ அச்சையோ பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. அன்று போட்டுப் பார்த்தபோது ஆ, ஊ எல்லாம் வந்தது. ஷ், ஸ் இரண்டும் வரவில்லை.

அப்புறம் அந்த வகுப்பறை. செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றின் கூடம். ஆத்தங்குடித் தரை, உயரமான கூரை. எதைப் பேசினாலும் எதிரொலிக்கும். தலைக்கு மேல் ஓடும் ஃபேன் வேறு. மெஷின் பேச்சை மட்டும் பொறுக்கி எடுக்காது, எல்லாவற்றையும் கூட்டித்தான் கொடுக்கும். ஆசிரியர் ஒன்றிரண்டு மீட்டருக்கு அப்பால் போனால் பேச்சு இரைச்சலில் கரைந்துவிடும். அவள் நாலாவது வரிசையில் இருந்தாள். நான் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவள். “புரியுதா?” என்று கேட்பேன். தலையாட்டுவாள், நானும் தாண்டிப் போய்விடுவேன்.

மறுநாள் முன்வரிசைக்கு, ஃபேனுக்குத் தள்ளி மாற்றினேன். பெஞ்சு கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியதில் இழுபடும் சத்தம் குறைந்தது. எதிரொலியை ஒன்றும் செய்ய முடியவில்லை.

வியாழக்கிழமை ஒப்படைப்பைக் கொடுத்தேன். முதல் தடையை மாற்றவில்லை. சுத்தமாக எழுதி முடித்திருந்தேன், பக்கத்தைக் கிழித்தால் பின்னால் இருப்பதும் கலையும். விரிவுரையாளர் தந்த தலைப்புகளில் ‘ஆசிரியர்’ என்று ஒன்று இருந்ததே, அதில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அந்தத் தலைப்பின் கீழ் ‘போதிய பயிற்சியின்மை’ என்று எழுதியிருந்தேன். அது பொய் இல்லை. ஆனால் கரும்பலகையிலிருந்து முகத்தைத் திருப்பப் பயிற்சி எதற்கு?

நல்ல மதிப்பெண் வந்தது. புது அச்சு வருவதற்குள் என் பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது.