முன்னது நகராமல் பின்னது நகராது: தேங்கிய ஈதரியம் பரிவர்த்தனையை விடுவித்த அனுபவம்

மெல்பர்னில் இருக்கும் என் அண்ணனுக்கு நான், அமெரிக்க டாலரோடு மதிப்பு பிணைக்கப்பட்ட மின்னாணயமான யுஎஸ்டிசியில் 600 தர வேண்டியிருந்தது. குடும்பப் பயணத்துக்கான தங்குமிடச் செலவை அவர் முன்கூட்டியே செலுத்தியிருந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சிங்கப்பூரின் யீஷூனில் உள்ள வீட்டில் அமர்ந்து, ஈதரியம் முதன்மை வலையமைப்பு வழியாக அந்தத் தொகையை அனுப்பினேன். ஜிவெய் என்பது ஓர் ஈத்தரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் எல்லாப் பரிவர்த்தனைகளும் செலுத்தியாக வேண்டிய அடிப்படைக் கட்டணம் 8 ஜிவெய் அளவில் இருந்ததால், வாலட் பரிந்துரைத்த எண்களை ஏற்காமல், மொத்தத்துக்கான உச்சக் கட்டணத்தை 9 ஜிவெய் என்றும், அதில் பரிவர்த்தனையைச் சேர்ப்பவருக்குப் போகும் முன்னுரிமைக் கட்டணத்தை 1 ஜிவெய் என்றும் நானே மாற்றி எழுதினேன். எட்டும் ஒன்றும் ஒன்பது, சரியாக வந்துவிட்டது என்பதே என் கணக்கு.

கூட்டலில் பிழை இல்லை. பிழை, அடிப்படைக் கட்டணம் நிலையாக நிற்கும் என்று எண்ணியதில் இருந்தது. 2021 ஆகஸ்ட் மாதம் லண்டன் மேம்பாடு நடைமுறைக்கு வந்ததிலிருந்து அடிப்படைக் கட்டணத்தை வலையமைப்பே நிர்ணயிக்கிறது. பரிவர்த்தனைகளின் தொகுப்பான ஒரு பிளாக் தன் இலக்கு அளவைப் போல் இரு மடங்கு நிரம்பினால், அடுத்த பிளாக்கின் அடிப்படைக் கட்டணம் 12.5 விழுக்காடு உயரும். எட்டில் 12.5 விழுக்காடு என்பது ஒன்று. ஆகவே ஒரே ஒரு பிளாக் முழுதாக நிரம்பினாலே, அதாவது 12 வினாடிகளிலேயே, 8 ஜிவெய் 9 ஆகிவிடும். அப்போது என் உச்சக் கட்டணம் முழுவதும் அடிப்படைக் கட்டணத்துக்கே போய்விடுகிறது. பிளாக்கை அமைக்கும் வேலிடேட்டருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அதற்கு மேல் ஒரு படி ஏறினால், என் பரிவர்த்தனையைச் சேர்க்க விதியே இடம் தருவதில்லை. வாலட்டுகள் பெரும்பாலும் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கை ஒட்டி உச்சக் கட்டணத்தைப் பரிந்துரைப்பதன் காரணம் எனக்கு அன்றுதான் உண்மையில் விளங்கியது. தொடர்ந்து ஐந்து பிளாக்குகள் முழுதாக நிரம்பினாலும் அந்த இரு மடங்கு தாங்கும். உச்சக் கட்டணம் என்பது வரம்பு மட்டுமே. அது அப்படியே கணக்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. அதைத் தாராளமாக வைத்திருந்தால் எனக்கு ஒரு காசும் கூடுதலாகப் போயிருக்காது.

மாலை ஐந்து மணிக்கும் பரிவர்த்தனை நிலுவையிலேயே இருந்தது. அடிப்படைக் கட்டணம் 14 ஜிவெய்க்கு ஏறியிருந்தது. வாலட்டில் `Speed up` என்ற பொத்தானை அழுத்தினேன். கட்டணத்தை 10 விழுக்காடு உயர்த்தும் தேர்வு ஒன்று அதில் இருந்தது, அதையே ஏற்றுக்கொண்டேன். பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் புதிய ஹாஷ் கிடைத்தது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் 9 ஜிவெய் 9.9 ஆனதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. பழைய பரிவர்த்தனைக்குப் பதிலாகப் புதியதை, வலையமைப்பின் கணினிகளான நோடுகள் ஏற்பதற்கு அந்த 10 விழுக்காடு போதும். பிளாக்கில் இடம் பெறுவதற்கு அன்றைய அடிப்படைக் கட்டணத்தைத் தாண்ட வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு தடைகள். முதல் தடையைக் கடந்ததும் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அடுத்து நான் செய்த காரியம் இதைவிடப் பெரிய ஆபத்தை உண்டாக்கியது. இரவு ஒன்பது மணிக்கு, முதல் பரிவர்த்தனை செத்துவிட்டது என்று கருதி, அதே 600 யுஎஸ்டிசியை அண்ணனின் அதே முகவரிக்கு மறுபடியும் அனுப்பினேன். இந்த முறை வாலட் பரிந்துரைத்தபடி உச்சக் கட்டணம் 40, முன்னுரிமைக் கட்டணம் 2 ஜிவெய். கட்டணம் தாராளமாக இருந்தும் இதுவும் நகரவில்லை. அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, ஒப்பந்த நிரல்கள் எழுதும் வேலையில் இருக்கும் என் பழைய சக ஊழியர் ஒருவரை அழைத்தேன். நான் அண்ணா என்று அழைக்கும் அவர், கட்டணத்தைப் பற்றி எதுவும் கேட்காமல், "இரண்டாவதாக அனுப்பியதன் நான்ஸ் எண் என்ன தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார்.

பார்த்தேன். முதல் பரிவர்த்தனையின் நான்ஸ் 41, இரண்டாவதன் நான்ஸ் 42. ஒரு கணக்கிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் இந்த வரிசை எண் உண்டு. 41 பிளாக்கில் ஏறாத வரை 42க்கு எவ்வளவு கட்டணம் கொடுத்தாலும் அது காத்திருந்தே ஆக வேண்டும். "இப்போது முதலாவதை விரைவுபடுத்தினால் இரண்டும் நிறைவேறிவிடும். உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டார். 1,500 யுஎஸ்டிசி இருந்தது. அதாவது இரண்டு முறையும் பணம் வெற்றிகரமாகப் போய், அண்ணனிடம் 1,200 சேர்ந்திருக்கும். அண்ணன் திருப்பித் தருவார் என்பது வேறு. அறிமுகமில்லாத ஒருவருக்கோ ஒரு கடைக்கோ அனுப்பியிருந்தால் அதை மீட்க வழியே இல்லை.

காத்திருந்தால் 41 தானாகவே காலாவதியாகிவிடாதா என்று கேட்டேன். ஆகாது என்று அவர் விளக்கினார். நிலுவைப் பரிவர்த்தனைகள் காத்திருக்கும் மெம்பூல் என்பது ஒரே இடத்தில் இருக்கும் பட்டியல் அல்ல. ஒவ்வொரு நோடும் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. இடம் நிரம்பினால் குறைந்த கட்டணப் பரிவர்த்தனைகளை ஒரு நோடு கைவிடலாம், இன்னொரு நோடு வைத்திருக்கலாம். கையொப்பமிட்ட பரிவர்த்தனைக்குக் காலாவதி நாள் கிடையாது. அதே நான்ஸில் வேறொன்று பிளாக்கில் ஏறும் வரை அது செல்லுபடியாகும். கட்டணம் இறங்கிய ஒரு பின்னிரவில் அது நிறைவேறலாம். வாலட்டின் செயல்பாட்டு வரலாற்றை அழிப்பதும் என் கைப்பேசியில் உள்ள குறிப்பை மட்டுமே அழிக்கும்.

`Cancel` என்ற பொத்தான் என்ன செய்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கியது. அது எதையும் திரும்பப் பெறுவதில்லை. அதே நான்ஸில், எனக்கு நானே பூஜ்யம் ஈத்தர் அனுப்பும் வேறொரு பரிவர்த்தனையை, அதிகக் கட்டணத்தோடு வெளியிடுகிறது. அது முதலில் பிளாக்கில் ஏறிவிட்டால் அந்த நான்ஸ் தீர்ந்துபோகிறது. பழையது ஏற இடமில்லை. `Speed up` பொத்தானும் இதே வேலையைத்தான் செய்கிறது. பெறுநரும் தொகையும் மாறாமல் கட்டணம் மட்டும் உயர்கிறது. பழையது ஏற்கெனவே பிளாக்கில் ஏறியிருந்தால் இரண்டு பொத்தான்களும் பயனற்றவை. அப்போது `nonce too low` என்ற பதில்தான் வரும்.

என் எண்ணம், 41ஐ ரத்துசெய்துவிட்டு 42ஐத் தானாக ஓட விடலாம் என்பது. ஒரே ஒரு செயலோடு முடிகிறது, பார்க்க எளிது. அண்ணா அதை ஏற்கவில்லை. 41ஐப் பொறுத்தவரை ரத்துக்கும் பழைய பரிவர்த்தனைக்கும் இடையே ஒரு போட்டி நடக்கிறது. அந்த நேரம் பார்த்துக் கட்டணம் சரிந்து, ரத்துச் செய்தி சென்றடையாத ஒருவரின் பிளாக்கில் பழைய 41 ஏறிவிட்டால், பின்னாலேயே 42ம் ஏறிவிடும். 42 அப்படியல்ல. 41 நகரும் வரை அது பிளாக்கில் ஏறவே முடியாது என்பதால், அதை மாற்றி எழுத நமக்கு அவகாசம் இருக்கிறது. ஆகவே முதலில் 42ஐ ரத்துசெய்ய வேண்டும், அந்த மாற்றம் பரவியதை உறுதிசெய்துகொள்ள வேண்டும், அதன் பிறகே 41ஐ விரைவுபடுத்த வேண்டும். செலவு இரண்டு வழியிலும் ஒன்றுதான்: ஒரு யுஎஸ்டிசி பரிமாற்றம், ஒரு வெற்றுப் பரிவர்த்தனை. வேறுபாடு வரிசையில் மட்டுமே.

வாலட்டின் அமைப்புகளில் நான்ஸை நாமே எழுத அனுமதிக்கும் தேர்வை இயக்கி, என் சொந்த முகவரிக்குப் பூஜ்யம் ஈத்தர் அனுப்பும் பரிவர்த்தனையை 42 என்ற எண்ணோடு தயாரித்தேன். உச்சக் கட்டணத்தை 40லிருந்து 45 ஆக்கினேன், முன்னுரிமைக் கட்டணத்தை 2 என்றே விட்டேன். உடனே இந்தப் பதில் வந்தது:

```
replacement transaction underpriced
```

நோடுகளில் பரவலாகப் பயன்படும் கெத் மென்பொருள், இயல்பான அமைப்பில், உச்சக் கட்டணம், முன்னுரிமைக் கட்டணம் ஆகிய இரண்டும் தனித்தனியே குறைந்தது 10 விழுக்காடு உயர்ந்திருந்தால்தான் பதிலீட்டை ஏற்கும். ஒன்றை எவ்வளவு உயர்த்தினாலும் மற்றதன் குறையை அது ஈடுசெய்யாது. எனக்குத் தேவைப்பட்டது குறைந்தது 44, 2.2. மறுமுறை இவ்வாறு எழுதினேன்:

```
nonce: 42
value: 0
maxFeePerGas: 45 gwei
maxPriorityFeePerGas: 2.5 gwei
```

இது ஏற்கப்பட்டது. பரிவர்த்தனைகளைத் தேடிப் பார்க்கும் தளமான பிளாக் எக்ஸ்ப்ளோரரில் பழைய ஹாஷைக் கொண்டு தேடாமல் என் முகவரியைக் கொண்டு தேடும்படி அண்ணா சொன்னார். ஒவ்வொரு பதிலீட்டுக்கும் ஹாஷ் மாறிவிடுகிறது என்பதால் பழைய ஹாஷின் பின்னால் போனால் குழப்பமே மிஞ்சும். நிலுவைப் பட்டியலில் 42க்கு நேராகப் பெறுநராக என் சொந்த முகவரியே தெரிந்த பிறகும் சில நிமிடங்கள் காத்திருந்தேன். பின்னர் 41ஐ உச்சக் கட்டணம் 45, முன்னுரிமைக் கட்டணம் 2 என விரைவுபடுத்தினேன். அப்போது அடிப்படைக் கட்டணம் 24 ஜிவெய். அமெரிக்காவில் காலை வேளை தொடங்கும்போது சிங்கப்பூரில் இரவு. பிற்பகலில் நான் பார்த்த 8 ஜிவெய் அந்த நேரத்தில் திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஒரு நிமிடத்துக்குள் 41ம் 42ம் ஒரே பிளாக்கில் அடுத்தடுத்து ஏறின. பரிவர்த்தனையின் வேலை அளவு கேஸ் என்ற அலகில் கணக்கிடப்படுகிறது, ஜிவெய்க் கட்டணம் ஒவ்வோர் அலகுக்கும் உரியது. யுஎஸ்டிசி பரிமாற்றம் 62,000 கேஸ் எடுத்தது. 26 ஜிவெய் வீதம் 0.001612 ஈத்தர். வெற்றுப் பரிவர்த்தனை எப்போதும் போல் 21,000 கேஸ், 26.5 ஜிவெய் வீதம் 0.0005565 ஈத்தர். ஓர் ஈத்தரை 4,000 வெள்ளி என்று வைத்துக் கணக்கிட்டால் மொத்தம் 8 வெள்ளி 67 காசு. பிற்பகலில் 9 ஜிவெய்க்கு ஏறியிருந்தால் இரண்டேகால் வெள்ளிக்குள் முடிந்திருக்கும். உச்சக் கட்டணத்தை அப்போதே 17 என்று விட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே தொகைதான் ஆகியிருக்கும்.

அண்ணனை அழைத்து 600 மட்டுமே வந்திருக்கிறதா என்று கேட்டேன். மெல்பர்னில் நள்ளிரவு தாண்டியிருந்தது. தூக்கக் குரலில் ஆம் என்றார். வாலட்டில் மட்டும் பழைய 40 ஜிவெய் பரிவர்த்தனை இன்னும் நிலுவை என்றே காட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்ப்ளோரரில் 42 என்ற எண் முடிந்துவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வாலட்டின் வரலாற்றை அழித்தேன். மறுநாள் வேறொரு சிறு தொகையை அனுப்பியபோது அது 43 என்ற எண்ணோடு முதல் முயற்சியிலேயே போய்ச் சேர்ந்தது.