போட்டோவில் வந்த பன்னட் கட்டக் கணக்கை எப்படிப் படிப்பது?

ரிசல்ட் வந்துவிட்டது. மரபியல் பகுதியில் ஒரு மதிப்பெண்கூடப் போகவில்லை என்று தெரிந்ததும் அப்பாடா என்றிருந்தது. கட்டம் போடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் பயிற்சி எடுத்தது முழுக்க யாரோ போனில் படம் பிடித்து அனுப்பிய ஒர்க்‌ஷீட்களில்தான். அதில் எனக்குக் கைகொடுத்த ஒரே பழக்கத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்: கேள்வியில் உள்ள வார்த்தையை முதலில் படிக்க வேண்டும், எழுத்துக் குறியீட்டைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்.

காரணம் எளிது. R, r இரண்டும் வடிவத்திலேயே வேறு. படம் எவ்வளவு மங்கினாலும் தெரிந்துவிடும். A, B, G, T எல்லாம் அப்படித்தான். ஆனால் P, S, C, W, Y ஆகியவற்றில் பெரியதற்கும் சிறியதற்கும் அளவு மட்டும்தான் வித்தியாசம். தாள் சாய்ந்து, நிழல் விழுந்து வரும் படத்தில் Pp × pp என்பது Pp × Pp மாதிரியே இருக்கும். ஒன்றின் விடை 1:1, இன்னொன்றின் விடை 3:1.

நான் போட்ட ஒரு கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டாணியில் ஊதாப் பூ ஓங்கு பண்பு, வெள்ளைப் பூ ஒடுங்கு பண்பு. ஒரு ஊதாச் செடியை வெள்ளைச் செடியுடன் கலப்பு செய்ததில் 41 ஊதா, 39 வெள்ளை. பெற்றோரின் ஜீனாக்கம் எழுதியிருந்த இடம் படத்தில் ஒரே கறுப்புத் தீற்றல். அதனால் என்ன? வெள்ளைச் செடி என்றாலே pp, வேறு வழியே இல்லை. சேய்களில் வெள்ளை வந்திருப்பதால் ஊதாச் செடியும் ஒரு p கொடுத்திருக்க வேண்டும், ஆக அது Pp. கட்டம் போட்டால் பாதி Pp, பாதி pp. 41, 39 அதற்குப் பொருந்துகிறது. தீற்றலைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

ரஃப் வேலையில் P, p-க்குப் பதில் A, a என்று மாற்றிக்கொள்வேன். விடைத்தாளில் கேள்வியில் கொடுத்த எழுத்தையே எழுதி, சிறிய எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போடுவேன். ஊதாவுக்கு P, வெள்ளைக்கு W என்று இரண்டு எழுத்து எடுக்காதீர்கள். ஒரே ஜீனின் இரு அல்லீல்களுக்கு ஒரே எழுத்துதான்.

இருபண்புக் கலப்பில்தான் இந்தப் பழக்கம் உண்மையில் காப்பாற்றும். பட்டாணி விதையில் உருண்டை R, சுருங்கியது r, மஞ்சள் Y, பச்சை y என்று வைத்துக்கொள்ளுங்கள். RrYy × rryy போட்டால் 1:1:1:1. Rryy × rrYy போட்டாலும் அதே 1:1:1:1! முதலாவதில் ஒரு பெற்றோர் RY, Ry, rY, ry என நான்கு வகைக் கேமீட் தருகிறது, மற்றது ry மட்டுமே. இரண்டாவதில் ஆளுக்கு இரண்டு வகை. விகிதம் ஒன்றாக இருப்பதால், விடை சரியாக வந்துவிட்டது என்று நினைத்துப் பெற்றோரைத் தப்பாக எழுதிவிட வாய்ப்பு அதிகம். இங்கேயும் வார்த்தைதான் வழி: "உருண்டை மஞ்சள் × சுருங்கிய பச்சை" என்றிருந்தால் முதலாவது, "உருண்டை பச்சை × சுருங்கிய மஞ்சள்" என்றிருந்தால் இரண்டாவது.

படத்தைத் திறந்ததும் நான் செய்யும் வரிசை:

- எது ஓங்கு, எது ஒடுங்கு என்று வார்த்தையில் எழுது.
- ஒடுங்கு பண்புள்ள ஆள் எங்கிருந்தாலும் இரு சிறிய எழுத்தைப் போடு, பெற்றோரானாலும் சேயானாலும்.
- கேமீட்டுகளைத் தனியாக எழுது. ஒவ்வொரு கேமீட்டிலும் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஓர் எழுத்துதான் இருக்க வேண்டும். Rr என்று ஒரு கேமீட் வந்தால் அங்கேயே நிறுத்து.
- ஒரே கேமீட் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு முறை எழுதினால் போதும். மேலே சொன்ன RrYy × rryy-க்கு 16 கட்டம் வேண்டாம், 4 போதும்.

எண்ணிக்கை கொடுத்து விகிதம் கேட்டால், மிகச் சிறிய எண்ணால் வகுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். RrYy × RrYy கலப்பில் வந்த மெண்டலின் சொந்த எண்களையே பாருங்கள்: 315, 108, 101, 32. 32-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9.8 : 3.4 : 3.2 : 1 வருகிறது, 10:3:3:1 என்று எழுதத் தோன்றும். சிறிய எண்ணில் வரும் லேசான ஏற்ற இறக்கம் மற்ற மூன்றையும் இழுத்துவிடுகிறது. மொத்தம் 556-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு பங்கு 34.75. அப்போது 9 பங்கு 312.75, 3 பங்கு 104.25. கொடுத்த எண்கள் பக்கத்திலேயே நிற்கின்றன, 9:3:3:1 என்று தைரியமாக எழுதலாம். ஒருபண்புக் கலப்பென்றால் 16-க்குப் பதில் 4.

இவ்வளவும் இரு ஜீன்களும் தனித்தனியாகப் பிரியும்போதுதான். ஒரே குரோமோசோமில் நெருங்கி இருப்பதாகக் கேள்வியில் சொல்லியிருந்தால் நான்கு கேமீட்டுகளும் சம அளவில் வராது. அங்கே 16 கட்டத்தைத் தொடவே தொடாதீர்கள்.