மூன்றும் பூஜ்யமும்

“இந்த விளம்பரக் கேம்பெயின் இந்த மாசம் பூஜ்யம் காட்டுது. நிறுத்திடலாமா?” கூட வேலை பார்ப்பவர் கேட்ட கேள்வி இவ்வளவுதான். நிறுத்த வேண்டாம், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று பதில் சொன்னேன். அந்தப் பதில் சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கூகுள் ஆட்ஸில் 12 கேம்பெயின்கள். 11 பழுதுபார்ப்புக்கு, இயந்திர வகைக்கு ஒன்றாக. பன்னிரண்டாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு. நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால், ஒவ்வொன்றுக்கும் மாதம் 400 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,800 செலவுக்கு 48 கன்வர்ஷன், அதாவது விளம்பரம் வழியாக வந்து நாங்கள் எதிர்பார்த்ததைச் செய்தவர்கள். சராசரியாகக் கேம்பெயினுக்கு நான்கு. ஒன்று ஒன்பது காட்டியது, ஒன்று பூஜ்யம்.

நான்கு சராசரியாக இருக்கும் இடத்தில் பூஜ்யம் வர ஏறக்குறைய 2 சதவீத வாய்ப்பு. கேட்க அரிதாகத் தோன்றும். ஆனால் பார்ப்பது 12 கேம்பெயின்களை. எல்லாமே ஒரே தரமாக இருந்தாலும், ஐந்து மாதத்துக்கு ஒருமுறை ஏதோ ஒன்று வெறுமனே தற்செயலாகப் பூஜ்யம் காட்டும். ஒன்பதும் கிட்டத்தட்ட அதே கதைதான். பூஜ்யத்தை நிறுத்தி ஒன்பதுக்குப் பணத்தைக் கொட்டுவது, சீட்டுக் குலுக்கலில் பெயர் வந்தவருக்குச் சம்பள உயர்வு கொடுப்பது மாதிரி. நான்கு கன்வர்ஷன் என்ற எண்ணுக்குப் பின்னால் உண்மையான சராசரி ஒன்றாகவும் இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். முப்பது வந்திருந்தால் அந்த இடைவெளி ஏறத்தாழ 20 முதல் 43 வரை சுருங்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே கேம்பெயினாகச் சேர்த்தோம். இந்தப் பகுதியில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

பழைய கேம்பெயின் ஒவ்வொன்றும் புதியதில் ஒரு ஆட் குரூப், அதாவது ஓர் உட்பிரிவு ஆனது. பழையவற்றை நீக்காமல் நிறுத்தி மட்டும் வைத்தோம். முதல் தடுக்கல் நெகட்டிவ் கீவேர்டில். ஒப்பந்தம் தேடுபவர்கள் பழுதுபார்ப்பு விளம்பரத்துக்குப் போகக் கூடாது என்று அந்த 11 கேம்பெயின்களிலும் ‘ஒப்பந்தம்’ என்ற சொல் தடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பட்டியல் புதிய கேம்பெயினுக்கு அப்படியே வந்ததும், ஒப்பந்த விளம்பரத்தையே அது அடைத்துவிட்டது. காட்சி எண்ணிக்கை குறையவில்லை, அறவே நின்றுபோனது, அதுதான் அடையாளம். தடையை ஆட் குரூப் மட்டத்துக்கு இறக்கினால் தீர்ந்தது.

இரண்டாவது பிரச்சினைக்கு அப்படி ஒரு அடையாளம் இல்லை. ஆட் குரூப்புக்கென்று தனி பட்ஜெட் கிடையாது. முன்பு 400 என்ற வேலி இருந்தது. இப்போது பொதுப் பானை. அதே பணத்தில் அதிக கன்வர்ஷன் வாங்கு என்று சொல்லப்பட்ட, ஏலத் தொகையைத் தானே முடிவு செய்யும் தானியங்கி பிட்டிங், மலிவாகக் கிடைக்கும் பழுதுபார்ப்பு பக்கமே சாய்ந்தது. அதைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைத்தான் செய்தது. மாத முடிவில் 60 கன்வர்ஷன். ஒன்றுக்கு ஆன செலவு 100-லிருந்து 80. அறிக்கை அழகாக இருந்தது.

ஒப்பந்த ஆட் குரூப்பைத் திறந்து பார்த்தால் செலவு 50, கன்வர்ஷன் பூஜ்யம். முன்பு அங்கே மூன்று வந்தன. ஓர் ஒப்பந்தம் பத்துப் பழுதுபார்ப்புக்குச் சமம் என்று வைத்தால், முன்பு 45-உம் 30-உம் சேர்ந்து 75. இப்போது வெறும் 60. எண்ணிக்கை 25 சதவீதம் கூடி, மதிப்பு 20 சதவீதம் இறங்கியிருக்கிறது.

இதைத் தவிர்த்திருக்கலாமா? ஒப்பந்தத்தை மட்டும் தனி பட்ஜெட்டோடு விட்டுவைத்து, பிட்டிங்கை மட்டும் போர்ட்ஃபோலியோ ஸ்ட்ராடஜி வழியாக மற்றவற்றோடு பொதுவாக்கியிருக்கலாம். இல்லையென்றால் ஒப்பந்தக் கன்வர்ஷனுக்குப் பத்து மடங்கு மதிப்பு பதிவு செய்து, எண்ணிக்கைக்குப் பதில் மதிப்பைத் துரத்தச் சொல்லியிருக்கலாம். பிரித்து வைப்பதற்குக் காரணம் இயந்திர வகையாக இருக்கக் கூடாது, ஒரு கன்வர்ஷனின் மதிப்பாக இருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம்.

ஆனால் உறுத்துவது வேறு. அந்த மூன்று ஒப்பந்தங்களை இழந்தோம் என்று புலம்ப எனக்கு உரிமை இருக்கிறதா? மூன்றுக்கும் பூஜ்யத்துக்கும் வித்தியாசம் காண முடியாது என்று வாதாடித்தானே எல்லாவற்றையும் சேர்த்தேன். பழைய விகிதமே உண்மை என்று கொண்டாலும், 50 செலவுக்கு எதிர்பார்க்க வேண்டியது 0.4 கன்வர்ஷன்கூட இல்லை. பூஜ்யம் அங்கே எதையும் நிரூபிக்காது. அந்த மூன்றே அதிர்ஷ்ட மாதமாக இருந்திருக்கலாம். முன்பு மாதம் 400 செலவில் ஆறு மாதம் பொறுத்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். இப்போது 50-இல் அதே அளவு விவரம் சேர நான்கு வருடம் ஆகும்.

போன வாரம் ஒப்பந்தத்தை மறுபடி தனியாகப் பிரித்து, பழைய 400-ஐக் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதம் அது பூஜ்யம் காட்டினால், அதே கேள்வி திரும்பவும் வரும்.