ஒரே அறிக்கை, மூண்டு சுருக்கம்

கம்பஸ் கடைசி வருசத்தில நான் செய்த ஆய்வு விதைநெல் அளவு பற்றினது. வீசி விதைக்கிறதெண்டா ஏக்கருக்கு 2 புசல் காணும் எண்டுதான் விவசாயத் திணைக்களம் சொல்லுது, எங்கட கிளிநொச்சிப் பக்கம் 3 புசல், சிலர் அதுக்கு மேலயும் வீசுவினம், அப்பிடிக் கூடப் போட்டா விளைச்சல் கூடுதோ எண்டு பாத்தன். கூடேல்ல. பயிர் நெருங்கினா கதிர் கூட வரும், ஆனா ஒரு கதிரில மணி குறைஞ்சிடும், காத்துக்குச் சாயிறதும் கூட.

இந்த ஒரே அறிக்கையைப் பிறகு மூண்டு பேருக்குச் சுருக்கிக் குடுக்கவேண்டி வந்தது. ஆய்வரங்குக்கு அப்ஸ்ட்ராக்ட், நான் வேலைக்குச் சேர்ந்த ஒஃபிசில மேலதிகாரிக்கு பிரெசி, ஊரில கமக்காரர் அமைப்புக் கூட்டத்துக்கு சமரி. நீளத்தை மாத்தினாச் சரி எண்டு நினைக்கிறவைக்காகத்தான் இதை எழுதுறன்.

அப்ஸ்ட்ராக்ட் வாசிக்கிறவர் ஒண்டைத்தான் தீர்மானிக்கப் போறார், முழுசை வாசிக்கிறதோ விடுறதோ எண்டு. எங்களுக்குத் தந்தது 250 சொல். ஏன் செய்தது எண்டு ஒரு வசனம், எங்க எப்பிடிச் செய்தது எண்டு ரெண்டு மூண்டு, மிச்சம் பெரும்பாலும் முடிவு. மேற்கோள், அட்டவணை ஒண்டும் வராது, ஏனெண்டா அந்தத் துண்டு தனியாத்தான் ஊர் சுத்தும். நான் பாத்த கன அப்ஸ்ட்ராக்டில கடைசி வசனம் "முடிவுகள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன" எண்டு இருக்கும், என்ன முடிவெண்டு எங்கயும் இராது, அது வாசலில நிண்டு உள்ளுக்கு ஆள் இருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போற மாதிரி. வேற துறைப் பெடியன் ஒருத்தனிட்டை அந்தத் துண்டை மட்டும் குடுத்து "என்ன கண்டுபிடிச்சிருக்கு?" எண்டு கேளுங்கோ. அவன் சொன்னாச் சரி.

பிரெசிதான் கஷ்டம். எங்கட ஒஃபிஸ் ஐயாவுக்கு முழு அறிக்கையை வாசிக்க நேரமில்லை, ஆனா வாசிச்ச ஆளாய் இருந்து அதில முடிவெடுக்கோணும். அப்ப மூலத்தின்ர இடத்தில இதுதான் நிக்கப்போகுது. கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு நீளம், மூலத்தில வந்த அதே ஒழுங்கு, சொந்தச் சொல், படர்க்கை, என்ர அபிப்பிராயம் ஒரு சொல்லும் புகுரப்படாது. அதைவிட முக்கியம் நிறை. அறிக்கையில சனம் ஏன் கூட விதைக்குது எண்டதுக்கு, களை, குருவி, முளைப்புத்திறன் குறைஞ்ச விதை எண்டு ஒரு பெரிய பகுதி இருக்கு. பிரெசியில அது ஒரு வசனமாச் சுருங்கினா, விவசாயி விசரில அள்ளி வீசுறான் எண்ட மாதிரி ஐயா விளங்கிக்கொள்ளுவார். நான் செய்தது என்னெண்டா ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மூலத்தில எத்தினை சொல், என்ரயில எத்தினை சொல் எண்டு பக்கத்தில பக்கத்தில எழுதிப் பாத்தன். மூலத்தில காவாசி இடம் பிடிச்ச விசயம் பிரெசியிலயும் காவாசிக்குக் கிட்ட நிக்கோணும், நிக்காட்டி அந்த இடத்தைத் திருப்பி எழுதோணும்.

சமரிக்கு இந்த ஒழுங்கு ஒண்டும் வேண்டாம். அது கேக்கிற ஆளுக்குத் தேவையானதை மட்டும் எடுக்கிறது. கமக்காரரிட்டைப் போய் ஆய்வின்ர நோக்கம் எண்டு தொடங்கினா ரெண்டாம் நிமிசம் வெத்திலைத் தட்டம் சுத்தத் தொடங்கிடும். முதல் வசனமே "2 புசல் காணும், மிச்சத்தை வித்துப்போடுங்கோ" எண்டு வைச்சன். அப்ஸ்ட்ராக்டில ஒரு சொல்லும் வராத களைக் கதை இங்க ரெண்டாவதாய் வந்தது, ஏனெண்டா அவை கேக்கப்போற முதல் கேள்வியே அதுதான். அதோட விதைக்க முதல் 100 நெல்லை ஈரச் சாக்கில சுத்தி வைச்சு எத்தினை முளைக்குது எண்டு எண்ணிப் பாக்கிற முறையையும் சேர்த்தன், அறிக்கையில அது பின்னிணைப்பில கிடந்த விசயம்.

மூண்டிலயும் இடம் மாறின இன்னொரு விசயம் ஆய்வின்ர எல்லை. நான் பாத்தது இரணைமடுத் தண்ணி பாயிற வயல் மட்டும், அதுவும் ஒரு காலபோகம். பிரெசியில அது மூலத்தில இருந்த மாதிரியே கடைசியில ஒரு பந்தி. அப்ஸ்ட்ராக்டில "நீர்ப்பாசன வயல்களில், ஒரு போகத்தில்" எண்டு முறை சொல்லுற வசனத்துக்குள்ளயே ரெண்டு துண்டு. சமரியில மூண்டாவது வசனம்: "மானாவாரி செய்யிறவை இதைக் கேட்டு விதையைக் குறைக்காதேங்கோ, நான் அங்க பாக்கேல்ல." கூட்டத்தில இருந்தவையில பாதிப் பேர் மானாவாரிதான்.

எழுதுற ஒழுங்கு கேட்டா, பிரெசியை முதல் எழுதுறது நல்லம், அதில இருந்து அப்ஸ்ட்ராக்டை இறக்கலாம். சமரியை ரெண்டில இருந்தும் வெட்டி ஒட்டாதேங்கோ, வாசிக்கப்போற ஆக்களில ஒருத்தரோட ஒருக்கா வாயால கதைச்சுப்போட்டு அந்தக் கதையை எழுதுங்கோ.