வங்கி வாசலிலிருந்து திரும்பி வந்த பணம்: ஒரு கிளெய்ம் அனுபவம்

சில்லறை வியாபாரிகள் எடுக்கும் பணக் காப்பீட்டு பாலிசியில் பெரும்பாலும் இரண்டு பிரிவுகள் இருக்கும். கடைக்கும் வங்கிக்கும் இடையே கொண்டு செல்லப்படும் பணம் ஒன்று; கடை மூடிய பின் இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்கப்படும் பணம் மற்றொன்று. எங்கள் கடைக்கும் அப்படித்தான் எடுத்திருந்தோம். பெட்டகத்திற்கு 4,00,000 வரை, ஒரு தடவை எடுத்துச் செல்லும் பணத்திற்கு 3,00,000 வரை என்று அட்டவணையில் இருந்தது. 1,50,000-க்கு மேல் கொண்டு சென்றால் இரண்டு பேர் செல்ல வேண்டும் என்றும், ஏற்கப்படும் கிளெய்ம் தொகையில் 5 சதவீதத்தை நாங்களே சுமக்க வேண்டும் என்றும் நிபந்தனைகள் இருந்தன.

விடுமுறைகள் சேர்ந்து வந்ததால் பெட்டகத்தில் பணம் தங்கிவிட்டது. முந்தைய இரவுக் கணக்குப்படி 3,10,000 இருந்தது. அதனுடன் காலை வசூலில் 30,000 சேர்த்து, மொத்தம் 3,40,000-ஐ இரண்டு பைகளில் பிரித்து, எங்கள் கடை ஊழியர் இருவர் வங்கிக்குக் கொண்டு சென்றனர். ஒருவரிடம் 2,00,000, மற்றவரிடம் 1,40,000. வங்கியில் கணினி இணைப்பு இல்லாததால் பணம் வாங்கவில்லை. பிற்பகலில் வரச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள் 2,00,000 இருந்த பையைப் பறித்துச் சென்றுவிட்டார்கள். காவல் நிலையத்தில் அன்றே புகார் கொடுத்தோம். காப்பீட்டு அலுவலகத்திற்கும் அன்றே மின்னஞ்சல் அனுப்பினோம். அதுவரை தடங்கல் ஏதும் இல்லை.

தடங்கல் அலுவலகத்தில்தான் தொடங்கியது. கிளெய்ம் பிரிவில் இருந்தவர் கோப்பைத் திறந்து பார்க்கும் முன்பே, இது பாலிசிக்குள் வராது என்றார். கடையிலிருந்து வங்கிக்குச் செல்லும் பயணம் வங்கி வாசலை அடைந்ததும் முடிந்துவிட்டதாம். வங்கியிலிருந்து கடைக்கு வரும் பயணம் என்பது வங்கியில் எடுத்த பணத்துக்கு மட்டுமே பொருந்துமாம். நாங்கள் வங்கியில் எதையும் எடுக்கவில்லையே என்பது அவருடைய வாதம். அதை எழுத்தில் தரும்படி கேட்டோம், தரவில்லை. எழுத்தில் இல்லாத மறுப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்வது கடினம் என்பதால், எது சொல்லப்பட்டாலும் அதைக் கடிதமாகவே வாங்குவதில் பிடிவாதமாக இருப்பது நல்லது.

எங்களைக் காப்பாற்றியது பாலிசியின் வாசகமே. அதில் "காப்பீடு எடுத்தவரின் வளாகத்திலிருந்து வங்கிக்கும், வங்கியிலிருந்து வளாகத்திற்கும் நேரடியாகக் கொண்டு செல்லப்படும் பணம்" என்ற பொருளில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. பணம் எங்கிருந்து பெறப்பட்டது என்ற நிபந்தனை அங்கே இல்லை. 'நேரடியாக' என்ற சொல்தான் முக்கியம். ஊழியர்கள் வழியில் யாரிடமாவது பாக்கி வசூலிக்க நின்றிருந்தாலோ, பையை வண்டியில் வைத்துவிட்டு எங்காவது சென்றிருந்தாலோ கதை வேறாக இருந்திருக்கும். அவர்கள் வங்கிக்குச் சென்று அங்கிருந்தே திரும்பினார்கள் என்பதை நிரூபிப்பதுதான் எங்கள் வேலையாக இருந்தது.

வங்கி மேலாளர், "இணைப்பு இல்லை என்று கடிதம் தருவதற்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று கைவிரித்தார். ஊழியரின் சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த வரிசைச் சீட்டில் நேரம் அச்சாகியிருந்தது. அந்தத் துண்டுக் காகிதம்தான் பின்னர் பெரும் சாட்சியானது. பூர்த்தி செய்து முத்திரை விழாமல் இருந்த பணம் செலுத்தும் படிவமும் இருந்தது. அதில் நோட்டு வகை வாரியாக 3,40,000 எழுதப்பட்டிருந்தது. கடிதம் தர மறுத்த அதே வங்கி, இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் நியமித்த சர்வேயர் நேரடியாக மின்னஞ்சலில் கேட்டபோது, அந்த நேரத்தில் சேவை தடைப்பட்டிருந்ததை ஒரு வரியில் உறுதி செய்தது. இப்படிப்பட்ட நிலையில் வங்கியிடம் கெஞ்சிக்கொண்டிருப்பதைவிட, சர்வேயரைக் கேட்கச் சொல்வதே குறுக்குவழி.

சர்வேயரின் கேள்வி வேறு மாதிரியானது: பையில் உண்மையிலேயே அவ்வளவு இருந்ததா? இதற்குப் பெட்டகக் கணக்கு பதில் சொன்னது. ஒவ்வோர் இரவும் பெட்டகத்தில் வைத்த தொகையை ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, அந்தப் பதிவேட்டைப் பெட்டகத்துக்குள் வைக்காமல் வேறோர் இடத்தில் பூட்டி வைக்க வேண்டும் என்பது பாலிசியின் பெட்டகப் பிரிவில் உள்ள நிபந்தனை. பெட்டகம் உடைபட்டால் கணக்கும் சேர்ந்து போய்விடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது வழிப்பறி கிளெய்மில் உதவியது வேடிக்கைதான். முந்தைய இரவின் இருப்பு, காலை ரசீதுகள், படிவத்தின் தொகை மூன்றும் ஒத்துப் போயின. கூடவே கொண்டு சென்ற இருவரின் பெயரும் சம்பளப் பதிவேட்டில் இருப்பதைப் பார்த்தார். கடையில் உதவிக்கு வந்து போகும் உறவினர்கள் ஊழியர் என்ற வரையறைக்குள் வருவது கடினம் என்றும், இரண்டு பேர் நிபந்தனையே அங்கே உடைந்துவிடும் என்றும் சொன்னார்.

வந்த இடத்தில் பெட்டகத்தையும் பார்த்துவிட்டார். இரவில் சாவிகள் எங்கே இருக்கும் என்றுதான் முதலில் கேட்டார். சாவியோ மாற்றுச் சாவியோ கொண்டு திறக்கப்பட்ட பெட்டகத்திலிருந்து பணம் போனால் பொதுவாக இழப்பீடு கிடையாது. மிரட்டியோ தாக்கியோ சாவி பறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே மாற்றுச் சாவியைக் கல்லா இழுப்பறையில் போட்டு வைப்பவர்கள், பிரீமியத்தைக் கட்டிவிட்டு காப்பீட்டைத் தாங்களே ரத்து செய்துகொள்கிறார்கள். கல்லாவில் இரவு விட்டுச் செல்லும் பணமும் பெட்டகப் பிரிவின் கீழ் வராது.

சர்வேயர் அறிக்கைக்குப் பிறகு, மறுப்பு ஏதும் சொல்லாதது போலவே, கிளெய்ம் ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்தது. ஆனால் தொகை 2,00,000 அல்ல. அட்டவணையின் கீழே ஆவரேஜ் நிபந்தனை இருந்தது: ஒரு தடவை கொண்டு செல்லும் பணம் வரம்பைத் தாண்டினால், இழப்பீடும் அதே விகிதத்தில் குறைத்துத்தான் கொடுக்கப்படும். எங்கள் வரம்பு 3,00,000. கொண்டு சென்றது 3,40,000. எனவே 2,00,000 இழப்பை 34-ல் 30 பங்காகக் குறைத்து 1,76,470 என்று வைத்தார்கள். அதில் எங்கள் 5 சதவீதம் போக, கைக்கு வந்தது 1,67,647. பறிபோன பை வரம்புக்கு உள்ளேதான் இருந்தது. பத்திரமாகத் திரும்பிய மற்றொரு பையையும் சேர்த்துக் கணக்கிட்டதால் இந்தக் குறைப்பு. இரண்டு பைகளாகப் பிரித்தது திருடனுக்கு எதிரான பாதுகாப்பாக இருந்தாலும், பாலிசியின் கண்ணில் இருவரும் சேர்ந்து சென்றது ஒரே பயணம்தான். வேறு வேறு நேரத்தில் இரண்டு நடையாக அனுப்பியிருந்தால் ஒவ்வொன்றும் வரம்புக்குள் வந்திருக்கும் என்பது இன்னும் எரிச்சலைத் தருகிறது. ஆவரேஜ் நிபந்தனை இல்லாத பாலிசிகளும் உண்டு. அவற்றில் வரம்பு வரை முழு இழப்பும் கிடைக்கும். எது நம்முடையது என்பது விளம்பரத் தாளில் இருக்காது, அட்டவணையில்தான் இருக்கும்.

புதுப்பிக்கும்போது ஒரு பயண வரம்பை, சாதாரண நாளின் வசூலுக்கு அல்லாமல், நீண்ட விடுமுறைக்குப் பின் கொண்டு செல்லும் மிகப் பெரிய தொகைக்கு ஏற்ப 5,00,000 ஆக்கினோம். ஆண்டு முழுவதும் கொண்டு செல்லும் மொத்தத் தொகைக்கு ஒரு மதிப்பீடு தர வேண்டும். ஆண்டு முடிவில் உண்மைத் தொகையை அறிவித்தால் பிரீமியம் அதற்கேற்பச் சரிசெய்யப்படும் என்பதால், அந்த மதிப்பீட்டைக் குறைத்துக் காட்டுவதில் லாபமில்லை. இழப்பீடு கொடுத்த பின் குறைந்துவிடும் காப்புத் தொகையை, கூடுதல் பிரீமியம் கட்டித்தான் பழைய நிலைக்குக் கொண்டு வர முடிந்தது. மேலும், வங்கி ஏற்காமல் திரும்பும் பணமும் வழிப் பயணத்தில் அடங்கும் என்று ஒரு தனிக் குறிப்பைப் பாலிசியில் இணைக்கச் செய்தோம். அதற்கு அலுவலகம் கூடுதல் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. அதே கிளெய்ம் பிரிவு அலுவலர்தான் அந்தக் கோரிக்கையைப் பெற்று, படிக்காமலே மேலே அனுப்பினார்.