690 என்றால் சீனாவா?

பார்கோடு 690-இல் தொடங்கினால் சீனப் பொருள், 890 என்றால் நம் நாட்டுப் பொருள் என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்றுகிறது. உண்மையில் முதல் மூன்று எண்கள் காட்டுவது, அந்த நிறுவனம் பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் எந்த நாட்டுக் கிளையிடம் எண் வாங்கியது என்பதை மட்டும்தான். 890 ஜிஎஸ்1 இந்தியா கொடுப்பது. இங்குள்ள நிறுவனம் சீனாவில் பொம்மை செய்து இறக்கி, தன் 890 எண்ணையே ஒட்டலாம். அதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை.

சரி, கடைசி எண்? அது வெறும் கணக்கு. 8901234567890-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி எண்ணை விட்டுவிட்டு, ஒற்றைப்படை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களின் கூட்டுத்தொகை 34, மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே கடைசி எண்; 130 ஏற்கெனவே பத்தின் மடங்கு என்பதால் இங்கே 0.

ஓர் எண்ணைத் தப்பாக அடித்தால் இது பிடித்துவிடும். ஆனால் 27-ஐ 72 என்று மாற்றி அடித்தால் கோட்டை விட்டுவிடும், கூட்டுத்தொகை சரியாகப் பத்து மாறுவதால். போலிச் சரக்கையும் பிடிக்காது. அசல் எண்ணை அப்படியே அச்சடித்தால் கணக்கு சரியாகவே வரும்.

எங்கே செய்தது என்று தெரிய வேண்டுமா? கோடுகளை விட்டுவிட்டு லேபிளில் தயாரித்த நாடு, இறக்குமதியாளர் முகவரி இருக்கிறதா பாருங்கள். இறக்குமதிப் பொட்டலத்தில் அதை அச்சிடச் சட்டமே சொல்கிறது.