டீ 12, வடை 10, மொத்தம் 1210

2025 ஜூன் 3

பைத்தான் பாடத்தின் மூன்றாம் பகுதியை நண்பர் அனுப்பிவிட்டார். நிரல் எழுதுவது அவர் பங்கு. கணினி மொழி எதையும் தொட்டே பார்க்காதவர் படிக்கும்படி அதை அடுக்கித் தருவது என் பங்கு. இந்தப் பகுதியில் இரண்டு விலைகளைக் கேட்டு வாங்கிக் கூட்டிச் சொல்ல வேண்டும். `bill.py` இப்படித் தொடங்குகிறது:

```python
tea = input("டீ விலை: ")
vadai = input("வடை விலை: ")
print("மொத்தம்:", tea + vadai)
```

முதலில் நிரல், அதன் கீழே ஆறேழு பத்திக்கு விளக்கம், எல்லாம் முடிந்த பிறகு அவுட்புட் என்று அவர் வைத்திருக்கிறார். விளக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. `input` எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துகளின் தொடராகத்தான் தரும், ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், ஆகவே எண்ணாக மாற்ற `int` வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். ஆனால் படிப்பவர் மனதில் இன்னும் எந்தக் கேள்வியும் எழவில்லையே! 22 வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்ததைக் கண்ணால் பார்க்காதவருக்கு ஸ்ட்ரிங்காவது, ஒட்டிக்கொள்வதாவது.

இன்னொன்று, இதைப் பெரும்பாலும் போனில்தான் படிப்பார்கள். நாலாவது பத்திக்கு வருவதற்குள் நிரல் திரையை விட்டே மேலே போயிருக்கும்.

ஜூன் 5

அப்படியானால் அவுட்புட்டை நிரலுக்கும் முன்னால் வைத்துவிடலாமா? "இதோ, இதைத்தான் செய்யப்போகிறோம்" என்று காட்டிவிட்டுத் தொடங்குவது.

முதல் பாடத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம், அது சரியும்கூட. `print` என்றால் என்னவென்றே தெரியாதவரிடம் "என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். ஊகிக்க அவரிடம் எதுவும் இல்லை. மூன்றாம் பகுதிக்கு வந்தவர் அப்படியல்ல. `print(12 + 10)` போட்டால் 22 வரும் என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இங்கேயும் 22 வரும் என்றுதான் நினைப்பார். அந்த நினைப்புதான் இந்தப் பாடத்துக்கு மூலதனம். அவுட்புட்டை முன்னாலேயே காட்டினால் அதைக் கெடுத்துவிடுவோம்.

நிரலாக்கம் சொல்லித்தருபவர்கள் மத்தியில் பிரிம் என்று ஒரு முறை உண்டு. இங்கிலாந்தில் சூ சென்டன்ஸும் அவரோடு இருந்தவர்களும் வகுத்தது. முதலில் ஊகி, பிறகு ஓட்டிப் பார், ஆராய், மாற்று, கடைசியில் நீயே உருவாக்கு. வகுப்பறைக்காக வந்த முறைதான் என்றாலும் முதல் மூன்று படிகளை எழுத்துப் பாடத்திலும் வைக்கலாம். நிரல், ஒரு வரிக் கேள்வி, அவுட்புட், அதன்பிறகு விளக்கம். இந்தப் பகுதிக்கு இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 8

புது வரிசையில் அடுக்கியதைச் சித்தி மகளிடம் கொடுத்தேன். பி.காம். முதலாண்டு, கணக்கு நன்றாக வரும், நிரல் புதிது. கேள்வியைப் படித்ததும் யோசிக்காமல் "22" என்றாள். அடுத்து அவுட்புட்:

```
டீ விலை: 12
வடை விலை: 10
மொத்தம்: 1210
```

"அக்கா, இந்த 12-உம் 10-உம் எங்கேருந்து வந்துச்சு? நிரல்ல எங்கேயும் இல்லையே?"

1210 பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவளோ அதற்கு முந்தைய வரியிலேயே நின்றுவிட்டாள். கேள்வி நியாயமானதுதான். திரையில் நிரல் எழுதியதும் நாம் தட்டியதும் ஒரே எழுத்தில், ஒரே வரியில் வந்துவிடுகின்றன. பழகியவர் கண் தானாகவே பிரித்துவிடும், புதியவர் கண் பிரிக்காது.

நண்பர் இதற்கு விளக்கம் எழுதாமல் இல்லை. "இங்கு 12, 10 ஆகியவை பயனர் உள்ளிட்டவை" என்று அவுட்புட்டுக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. குழம்பி முடித்தபிறகு அதைப் படித்து என்ன ஆகும்? அந்த வரியை மேலே கொண்டுபோனேன்: "இப்போது ஓட்டுங்கள். டீ விலை கேட்கும்போது 12 என்று தட்டி என்டர் அழுத்துங்கள், வடைக்கு 10." அதற்குக் கீழே அவுட்புட். படிப்பவர் கை செய்ய வேண்டியதெல்லாம் அவுட்புட்டுக்கு முன்னே, ஏன் அப்படி வந்தது என்பதெல்லாம் பின்னே.

விளக்கத்தையும் வெட்டினேன். 1210 ஏன் வந்தது என்பதற்கு மூன்று வாக்கியம் போதும். `input` பற்றி நண்பர் எழுதிய மற்றவை நல்ல சங்கதிகள், ஆனால் இந்த அவுட்புட்டில் அவற்றுக்கு வேலை இல்லை. கண்ணுக்குத் தெரிவதை விளக்கிவிட்டு, உடனே திருத்திய நிரலுக்குப் போய்விட வேண்டும்:

```python
tea = int(input("டீ விலை: "))
vadai = int(input("வடை விலை: "))
print("மொத்தம்:", tea + vadai)
```

இதற்கும் அதே 12, அதே 10. எண்ணை மாற்றிவிட்டால் வித்தியாசம் நிரலால் வந்ததா, கொடுத்த எண்ணால் வந்ததா என்று தெரியாமல் போகும்.

ஜூன் 11

நண்பருக்கு ஒரு மறுப்பு. தப்பான நிரலை முதலில் காட்டினால் அதையே நகலெடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்கிறார். உண்மைதான், போனில் பாதி பேர் நிரல் பெட்டிகளை மட்டும்தான் பார்ப்பார்கள். அதற்காக வரிசையை மாற்ற மனமில்லை. பெட்டிக்கு மேலே "இது இன்னும் சரியாகவில்லை, ஓட்டிப் பார்க்க மட்டும்" என்று எழுதிவிடலாம் என்றேன். எச்சரிக்கை பெட்டிக்குக் கீழே வந்தால் பயனில்லை. ஒத்துக்கொண்டார், அரை மனதாக.

பிழைச் செய்தியைப் பொறுத்தவரை எனக்கும் அவருக்கும் சண்டையில்லை. திருத்திய நிரலில் ஒருவர் "12 ரூ" என்று தட்டினால் கடைசி வரி இப்படி வரும்:

```
ValueError: invalid literal for int() with base 10: '12 ரூ'
```

மேலே இன்னும் சில வரிகள் வரும், அவை பைத்தான் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும். கடைசி வரியை மட்டும்தான் போட்டிருக்கிறோம் என்று பாடத்தில் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தன் திரையில் நாலு வரி கூடுதலாகப் பார்ப்பவர் தான் வேறு ஏதோ கெடுத்துவிட்டதாக நினைப்பார். (தமிழ் எண்களில் ௧௨ என்று தட்டினால் `int` அதை 12 என்று சரியாகவே வாங்கிக்கொள்கிறது. பாடத்தில் இதற்கு இடமில்லை, இங்கேயாவது இருக்கட்டும்.)

ஜூன் 15

ஐந்தாம் பகுதி, ஃபங்ஷன். இங்கே வரிசை வேறு விதத்தில் இடிக்கிறது.

```python
def kootu(a, b):
    return a + b

print(kootu(12, 10))
```

அவுட்புட் 22. ஊகிக்கச் சொல்வது, ஓட்டுவது எல்லாம் முன்போலவே. விளக்கத்தை எந்த வரியில் தொடங்குவது? நண்பர் முதல் வரியிலிருந்து இறங்கியிருக்கிறார்: `a`, `b` என்பவை அளபுருக்கள், அடுத்து `return`, இத்யாதி. படிப்பவருக்கு அந்த இடத்தில் `a` வெறும் எழுத்து, அதில் எந்த எண்ணும் இல்லை. பைத்தான் முதலிரண்டு வரிகளில் `kootu` என்ற பெயரைக் குறித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கூட்டல் அப்போது நடப்பதில்லை. நாலாம் வரிக்கு வந்து 12, 10 கிடைத்த பிறகுதான் மேலே போய் இரண்டாம் வரியை ஓட்டுகிறது, கிடைத்த 22-ஐ எடுத்துக்கொண்டு திரும்ப நாலாம் வரிக்கு வருகிறது.

ஆகவே விளக்கமும் 4, 1, 2, மறுபடி 4 என்று போகட்டும். வரி எண்களைச் சொல்லித்தான் விளக்க வேண்டியிருக்கும், அதனால் நிரல் பெட்டியில் எண் தெரிய வேண்டும், காலி வரியையும் எண்ண வேண்டும்.

ஜூன் 18

சித்தி மகள் ஃபங்ஷன் பகுதியைத் தடங்கலில்லாமல் தாண்டிவிட்டாள். லூப்பில் சிக்கல். `for i in range(1, 6)` போட்டு 1 முதல் 5 வரை வரும் அவுட்புட்டைக் காட்டினால், ஐந்து வரியும் ஒரேயடியாகக் கண்ணில் படுகிறது. எந்தச் சுற்றில் எந்த வரி வந்தது என்று தெரிவதில்லை. நிரலுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அட்டவணை, சுற்றுக்கு ஒரு வரியாக `i`-இன் மதிப்பு. முதல் இரண்டு சுற்றை நாம் நிரப்பி, மீதியை அவர்களுக்கு விடலாம் என்று பார்க்கிறேன். நண்பர் ஐந்தையும் நாமே நிரப்ப வேண்டும் என்கிறார். நாளை இரண்டு விதமாகவும் எழுதி அவளிடமே கொடுக்கப்போகிறோம்.